239 என்று எழுதினால் போதுமா? குழாய்நீரின் கடினத்தன்மையும் ஆய்வுச் சுருக்கமும்

தண்ணீர் எவ்வளவு கடினம் என்ற கேள்விக்குச் சுவாமிமலையில் குறைந்தது மூன்று விதமாகப் பதில் கிடைக்கும். சமையலறையில் கேட்டால், பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்பார்கள். சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுத்து எண்ணைக் காட்டுவார். கல்லூரி ஆய்வகத்தில் கேட்டால் பியூரெட்டில் ஈடிடிஏ கரைசலை நிரப்பத் தொடங்குவார்கள். இந்த மூவரும் அளப்பது ஒரே பொருளை அல்ல என்பதுதான் சிக்கல்.

வேதியியலாளர்கள் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளாக விடை சொல்லிவருகிறார்கள். ஒவ்வொரு விடையும் கடினத்தன்மை என்பதற்குத் தனக்கென ஒரு பொருளைக் கொண்டிருந்தது. அந்த வரலாறு முழுவதும் இன்று ஒரு மாணவரின் கையில் நூறு சொற்களாகச் சுருங்கி நிற்கிறது. ஆய்வறிக்கையின் தலையில் எழுதப்படும் சுருக்கம்தான் அது. பலரும் அறிக்கையை முழுதாகப் படிப்பதில்லை. அந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனவே அதில் எது இருக்க வேண்டும் என்பது நடையைப் பற்றிய கேள்வி மட்டுமாகத் தோன்றவில்லை. அளவீட்டின் எந்தெந்தப் பலவீனங்களை வாசகரிடம் சொல்லியாக வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. முதலில் அளவீட்டு முறைகளையும், பிறகு சுருக்கம் குறித்த கருத்துகளையும் இக்கட்டுரை பார்க்கிறது.

சோப்பு சொன்ன விடை

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், 1840களின் தொடக்கத்தில் சோப்பைக் கொண்டு கடினத்தன்மையை அளக்கும் முறையை வகுத்தார். கருத்து எளியது. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத மாசாகப் பிரிந்துவிடும். அவை தீர்ந்த பிறகுதான் நுரை நிற்கும். எனவே, வலிமை தெரிந்த சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்கும்வரை எவ்வளவு செலவானது என்று பார்த்தால் போதும்.

இந்த விடையின் பலம், வீட்டுக்காரர் எதை அறிய விரும்புகிறாரோ அதையே நேரடியாக அளந்ததுதான். இந்தத் தண்ணீர் எவ்வளவு சோப்பைத் தின்னும் என்பதே அன்றைய கேள்வி. ஆனால் பலவீனங்களும் அங்கேதான் இருந்தன. சோப்பு ஒரே சேர்மம் அல்ல. எந்தக் கொழுப்பிலிருந்து செய்தது என்பதைப் பொறுத்து அதன் நடத்தை மாறும். மக்னீசியம் சோப்போடு மெதுவாக வினைபுரிவதால், கால்சியம் தீர்ந்தவுடன் ஒரு போலி நுரை தோன்றும். கவனமில்லாதவர் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்வார். நீரில் அமிலமோ இரும்போ இருந்தால் அவையும் தம் பங்குக்குச் சோப்பைத் தின்னும்.

சோப்பு முறை ஆய்வகங்களிலிருந்து விலகிவிட்டாலும் அந்தக் காலத்து அலகுகள் முழுவதும் விலகவில்லை. கிளார்க் பாகை ஒன்று, ஒரு லிட்டரில் ஏறக்குறைய 14.3 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பிரெஞ்சுப் பாகை 10, ஜெர்மன் பாகை 17.8. துணி துவைக்கும் எந்திரங்களின் கையேடுகளில் இன்றும் ஜெர்மன் பாகையைக் காணலாம். அலகைச் சொல்லாமல் “கடினத்தன்மை 12” என்று எழுதினால், அது மென்னீராகவும் இருக்கலாம், கடின நீராகவும் இருக்கலாம்.

கொடுக்குப் போலப் பிடிக்கும் ஈனி

இரண்டாவது பெரிய விடை ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உருவானது. ஈடிடிஏ என்று நாம் சொல்லும் எத்திலீன் டை அமீன் டெட்ரா அசெட்டிக் அமிலத்தை 1930களின் நடுவில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் தயாரித்தார். தொழிற்சாலை நீரிலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போட ஒரு பொருள் வேண்டும் என்ற தேவையே அதற்குத் தூண்டுதல். அதைத் துல்லிய அளவீட்டுக் கருவியாக மாற்றியவர் சூரிச்சில் பணியாற்றிய கெரோல்ட் ஸ்வார்சன்பாக். 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய அவரது ஆய்வுகளில், 1948இல் பீடர்மனோடு சேர்ந்து எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயத்தை நிறங்காட்டியாக அறிமுகப்படுத்தியது திருப்புமுனை. நம் கல்லூரி ஆய்வகங்களில் நடக்கும் கடினத்தன்மை டைட்ரேஷன் அந்த வழியில் வந்ததே.

ஈடிடிஏ மூலக்கூறு ஓர் உலோக அயனியை இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என ஆறு இடங்களில் பற்றிக்கொள்ளக்கூடியது. பாடநூல் இதைக் கொடுக்கிணைப்பு என்கிறது. அளவீட்டுக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: கால்சியமோ மக்னீசியமோ, ஓர் அயனிக்கு ஒரு ஈடிடிஏ மூலக்கூறு. சோப்பைப் போல எந்தக் கொழுப்பு, எந்த விகிதம் என்ற குழப்பம் இல்லை. கரைசலின் செறிவு 0.01 மோலார் என்றால், அதன் ஒரு மில்லிலிட்டர் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இந்த வசதியான எண்தான் மாணவர் கணக்கை எளிதாக்குகிறது. அதே எண் சில சமயம் அவரைச் சோம்பேறியாக்கவும் செய்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

நிறம் மாறும் விதத்தையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இம்முறையின் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. பிஎச் 10 அளவில் சாயம் தனியே இருக்கும்போது நீலமாகவும், மக்னீசியத்தோடு சேர்ந்திருக்கும்போது ஒயின் சிவப்பாகவும் தெரியும். ஈடிடிஏ சொட்டச் சொட்ட முதலில் தனித்திருக்கும் கால்சியத்தையும் பிறகு மக்னீசியத்தையும் பிடிக்கும்; கடைசியாகச் சாயத்தின் பிடியில் உள்ள மக்னீசியத்தைப் பறிக்கும். அந்த நொடியில் சிவப்பு மறைந்து நீலம் வரும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. கால்சியத்தைச் சாயம் பலவீனமாகவே பிடிக்கிறது. மக்னீசியமே இல்லாத தண்ணீரில் நிறமாற்றம் மங்கலாக, இழுபடுவதாக இருக்கும். அதனால்தான் தாங்கல் கரைசலிலேயே சிறிதளவு மக்னீசியம் ஈடிடிஏ உப்பைச் சேர்த்துவைக்கும் வழக்கம் வந்தது. அதிலுள்ள மக்னீசியமும் ஈடிடிஏயும் சம அளவில் இருப்பதால் கணக்கு கெடுவதில்லை. முடிவுநிலை மட்டும் கூர்மையாகிறது. இயற்கை நீரில் பெரும்பாலும் மக்னீசியம் இருக்கும் என்பதால் இந்த உப்பைச் சேர்க்காமலே பல ஆய்வகங்கள் ஒப்பேற்றிவிடுகின்றன. தூய கால்சியம் கார்பனேட்டைக் கொண்டு ஈடிடிஏயைத் தரப்படுத்தும்போதுதான் அது இல்லாத குறை தெரியும்.

ஏன் பிஎச் 10, எங்கே கெடுகிறது

பிஎச் உயர உயர ஈடிடிஏயின் பிடி இறுகும், நிறமாற்றமும் தெளிவாகும். அப்படியானால் 12 வரை ஏற்றிவிடலாமே என்றால், அங்கே மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் பிரிந்து விழுந்துவிடும், கால்சியம் கார்பனேட்டும் படியத் தொடங்கும். சாயத்தின் நிறமும் 11.5க்கு மேல் ஆரஞ்சுப் பக்கம் போய்விடும். எனவே பத்து என்பது ஒரு சமரசம். பத்திலும்கூட படிவு விழும் ஆபத்து உண்டு என்பதால், தாங்கல் கரைசல் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் டைட்ரேஷனை முடிக்கச் சொல்வது வழக்கமான அறிவுரை. கடினத்தன்மை மிகுந்த நீரானால், 25 மி.லி. எடுத்து வாலைவடிநீர் ஊற்றி 50 மி.லி.ஆக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கெடும் இடங்களைப் பார்வையாலேயே அடையாளம் காணலாம். நீலம் வந்து சில நொடிகளில் மீண்டும் சிவப்புத் திரும்பினால், படிந்திருந்த கால்சியம் மெல்லக் கரைந்து வருகிறது என்று பொருள் கொள்ளலாம். முடிவு ஒரே சொட்டில் வராமல் ஊதாவாகவே நீண்டுகொண்டு போனால், தாங்கல் கரைசலிலிருந்து அம்மோனியா ஆவியாகிப் போய் பிஎச் இறங்கியிருக்கலாம், அல்லது நிறங்காட்டி பழையதாகியிருக்கலாம். கரைசலாக வைத்தால் இச்சாயம் விரைவில் கெடும் என்பதால், சாதாரண உப்போடு அரைத்துப் பொடியாக வைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு ஊற்றினாலும் நீலமே வராவிட்டால், செம்பு, இரும்பு, அலுமினியம் போன்றவை சாயத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கக்கூடும். சில ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருப்பது நாமறிந்ததே. வாளியிலும் தரையிலும் துருக்கறை விழுவதே அதற்குச் சாட்சி. சுவாமிமலை வெண்கல வார்ப்புக்குப் பேர்போன ஊர் என்பதால் அதன் குழாய்நீரில் செம்பு இருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் புதிய பித்தளைக் குழாயில் இரவு முழுவதும் தேங்கிய நீரை முதல் பிடியிலேயே எடுத்தால், அதில் உலோகத் தடம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே மாதிரி எடுக்கும் முன் சில நிமிடம் திறந்துவிடுவது நல்லது. உலோகக் குறுக்கீட்டை அடக்கச் சயனைடு சேர்க்கும் பழைய பரிந்துரை ஒன்று உண்டு. மாணவர் ஆய்வகத்தில் அதற்கு இடமே இருக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மற்ற போட்டியாளர்கள்

டிடிஎஸ் மீட்டர் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. அதிலிருந்து மொத்தக் கரைதிண்மத்தை மதிப்பிடுகிறது. கால்சியத்தையும் சோடியத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. வீட்டுக்கு ரெசின் வைத்த மென்னீராக்கி வாங்கியவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாமல் போகும். மீட்டர் எண்ணோ பெரிதாக அசையாது. மீட்டர் பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. ஒரே கிணற்றின் நீர் மாதத்துக்கு மாதம் மாறுகிறதா என்று பார்க்க அது போதும். கடினத்தன்மைக்கு மாற்றாக வைத்தால்தான் தவறு.

மறுமுனையில், அணு உறிஞ்சல் கருவி போன்றவற்றால் கால்சியம், மக்னீசியம் இரண்டையும் தனித்தனியே அளந்து கணக்கிடும் வழி இருக்கிறது. கால்சியத்தின் அளவை 2.497ஆலும் மக்னீசியத்தின் அளவை 4.118ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை கிடைக்கும். கண்ணின் தீர்ப்பு இதில் இல்லை. எந்த அயனி எவ்வளவு என்பதும் தெரிகிறது. துல்லியத்தைப் பொறுத்தவரை இது மேலானது என்று கொள்ளலாம். ஆனால் கருவியின் விலையும் பராமரிப்பும் ஊரகக் கல்லூரிகளுக்கு எட்டாதவை. நடுவில் நிற்பவை கிராம அளவிலான களப் பரிசோதனைப் பெட்டிகள். சொட்டு எண்ணிப் பார்க்கும் அந்தப் பெட்டியும் பெரும்பாலும் இதே ஈடிடிஏ வினையைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு சொட்டின் மதிப்பு பெரிது என்பதால் அதன் படிகள் கரடுமுரடானவை.

கொதிக்கவைத்துப் பிரிப்பதில் உள்ள ஐயம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வேதியியல் ஆய்வகப் பயிற்சியில், மொத்தம், தற்காலிகம், நிரந்தரம் என மூன்று கடினத்தன்மையையும் ஈடிடிஏயால் காண வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறை பழகியதுதான். நீரைக் கொதிக்கவைத்தால் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வடிகட்டி, இழந்த அளவுக்கு வாலைவடிநீர் சேர்த்து மீண்டும் டைட்ரேஷன் செய்தால் கிடைப்பது நிரந்தரக் கடினத்தன்மை. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் தற்காலிகம்.

இந்தப் பிரிவினை கற்பிக்க எளிது. அளவிட அவ்வளவு எளிதல்ல. கால்சியம் கார்பனேட் முழுவதும் கரையாத பொருள் அல்ல. லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் கரைசலிலேயே தங்கிவிடும். மக்னீசியம் கார்பனேட் இன்னும் அதிகமாகக் கரையும். எவ்வளவு நேரம் கொதித்தது, எந்த வடிதாள், ஆறியபின் வடிகட்டினார்களா என்பதைப் பொறுத்தும் எண் நகரும். அதனால், நீரின் காரத்தன்மையைத் தனியே அளந்து, அதற்கு ஈடான பகுதியைக் கார்பனேட் கடினத்தன்மை என்று சொல்வதே சீரான வழி என்று நீர்ப் பகுப்பாய்வு நூல்கள் கொள்கின்றன. இரண்டு முறைகளும் ஒரே எண்ணைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. கொதிக்கவைக்கும் முறை வழக்கமாகத் தற்காலிகத்தைக் குறைத்தே காட்டும். ஆகவே தற்காலிகக் கடினத்தன்மையைச் சுருக்கத்தில் தருபவர், எப்படிப் பிரித்தார் என்ற ஒரு சொற்றொடரையும் சேர்த்துத் தந்தாக வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்

சுவாமிமலையில் ஒரு வீட்டுச் சமையலறைக் குழாயில் எடுத்த நீர் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊரின் நீரைப் பற்றிய தகவல் அல்ல.

ஒரு கிராம் கால்சியம் கார்பனேட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஒரு லிட்டராக்கிய திட்டக் கரைசலில் 20.00 மி.லி. எடுக்கிறோம். அதற்கு 20.40 மி.லி. ஈடிடிஏ செலவாகிறது. 20 மில்லிகிராமை 20.40ஆல் வகுத்தால், இந்த ஈடிடிஏயின் ஒரு மில்லிலிட்டர் 0.980 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அடுத்து 50 மி.லி. குழாய்நீருக்கு மூன்று முறை செய்ததில் 12.3, 12.2, 12.3 மி.லி.; சராசரி 12.27. வாலைவடிநீரை மட்டும் வைத்துச் செய்த வெற்றுச் சோதனைக்கு 0.10 மி.லி. அதைக் கழித்தால் 12.17. இதை 0.980ஆல் பெருக்கி, லிட்டருக்கு மாற்ற 20ஆல் பெருக்கினால் 239 மி.கி. கிடைக்கிறது.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி.; இந்தக் கணக்கில் ஒரு சொட்டின் மதிப்பு லிட்டருக்கு 1 மி.கி. பியூரெட்டை இரண்டு முறை படிப்பதிலும் முடிவுநிலையைத் தீர்மானிப்பதிலும் சேர்ந்து இரண்டு சொட்டு ஐயம் என்றால் 2 மி.கி.; தரப்படுத்தலில் வரும் ஐயம் இன்னொரு 1 மி.கி. அளவு. எல்லாம் சேர்த்து, தாராளமாகப் பார்த்தால் முன்னும் பின்னும் 4 மி.கி. என்று எழுதலாம். 238.6 என்று தசமம் போட்டு எழுதுவதற்கு இங்கே நியாயம் இல்லை.

இப்போது முன்பு சொன்ன சோம்பலுக்கு வருவோம். பாட்டிலில் 0.01 மோலார் என்று ஒட்டியிருக்கிறது, தரப்படுத்த வேண்டாம் என்று விட்டிருந்தால் விடை 243 ஆகியிருக்கும். மூன்று டைட்ரேஷன்களும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போயிருக்கும். பிழை இருப்பதே தெரிந்திருக்காது. மூன்று அளவுகள் ஒத்துவருவது கையின் சீரைக் காட்டுகிறது, கரைசலின் உண்மையைக் காட்டுவதில்லை. மாணவர் அறிக்கைகளில் இந்த இரண்டும் குழம்புவது சாதாரணம். “மூன்று அளவீடுகளும் ஒத்துவந்ததால் முடிவு துல்லியமானது” என்ற வாக்கியம் அதன் அடையாளம்.

சுருக்கம் எதைச் சொல்ல வேண்டும்

தமிழ்நாட்டுக் கல்லூரி ரெக்கார்டு நோட்டில் சுருக்கம் என்ற பகுதி வழக்கமாக இருப்பதில்லை. நோக்கம், தத்துவம், செய்முறை, முடிவு என்றே அது அமையும். செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணுக்காக எழுதும் ‘ஷார்ட் புரொசீஜர்’ ஒன்றுதான் நம் மாணவர் பழகிய சுருக்க வடிவம். ஆனால் அது ஆய்வைச் செய்வதற்கு முன் எழுதப்படுவது. ஆய்வறிக்கையின் சுருக்கம் முடிந்தபின் எழுதப்படுவது. முதலாவதன் பழக்கம் இரண்டாவதில் வந்து உட்கார்ந்துகொள்வதால்தான், “இந்த ஆய்வில் குழாய்நீரின் கடினத்தன்மை ஈடிடிஏ முறையில் கண்டறியப்படுகிறது, கடின நீரின் தீமைகள் விவாதிக்கப்படுகின்றன” என்பது போன்ற, எண்ணே இல்லாத சுருக்கங்கள் வருகின்றன என்று கருத இடமுண்டு.

சுருக்கம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இரண்டு மரபுகள் உள்ளன. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று மட்டும் சுட்டுவது ஒன்று. கண்டதையே எண்ணோடு தருவது மற்றொன்று. 1976இல் வந்த ஐஎஸ்ஓ 214 தரம் இந்த இரு வகைகளையும் பிரித்துப் பேசியது. அளவீட்டு ஆய்வுகளுக்குக் கண்டதைத் தருவதே பொருத்தம் என்பதில் இன்று பெரிய கருத்துவேறுபாடு இல்லை. வேறுபாடு எழுவது அடுத்த படியில்தான்: எவ்வளவு முறைவிவரம் சேர்க்க வேண்டும்? முறையை ஒரு சொல்லில் முடித்துவிட்டு முடிவுக்கு இடம் கொடு என்பது ஒரு கட்சி. முறை தெரியாத எண் பயன்படாது என்பது மறு கட்சி. கடினத்தன்மையைப் பொறுத்தவரை இரண்டாம் கட்சியின் பக்கமே நியாயம் கூடுதல் என்று தோன்றுகிறது. பிஎச், நிறங்காட்டி, தரப்படுத்தல் ஆகிய மூன்றும் விடையின் பொருளையே மாற்றக்கூடியவை. பிஎச் 12க்கு மேல் வேறொரு நிறங்காட்டியோடு செய்தால் மக்னீசியம் விலகி, கால்சியம் மட்டுமே அளக்கப்படும். ஆனால் பியூரெட்டைக் கழுவியதும் கூம்புக் குடுவையின் கொள்ளளவும் சுருக்கத்தில் வரத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல், எண்ணுக்குப் பின் வரும் தீர்ப்புச் சொல். அமெரிக்காவில் வழங்கும் ஒரு வகைப்பாட்டில் லிட்டருக்கு 180 மி.கி.க்கு மேல் இருந்தால் மிகக் கடினமான நீர். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், ஏற்கத்தக்க வரம்பு 200. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கத்தக்க வரம்பு 600. உலக சுகாதார நிறுவனம் உடல்நல அடிப்படையில் வரம்பு எதுவும் விதிக்கவில்லை. நம் 239, முதல் அளவுகோலில் மிகக் கடினம். இரண்டாவதில் ஏற்கத்தக்கதைத் தாண்டியது, அனுமதிக்கத்தக்கதற்குள் அடங்கியது. மூன்றாவதில் தீர்ப்பே இல்லை. ஆகவே “குடிக்கத் தகுதியற்றது” என்று சுருக்கத்தை முடிப்பது தவறாகிவிடும். ஒரே ஓர் இயல்பை மட்டும் அளந்துவிட்டு “குடிக்கத் தகுந்தது” என்று முடிப்பது அதைவிடப் பெரிய தவறு. கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு எதையும் இந்த டைட்ரேஷன் அறியாது.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு எழுதினால், மேற்கண்ட கற்பனை ஆய்வின் சுருக்கம் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“சுவாமிமலையில் ஒரு வீட்டின் சமையலறைக் குழாயில், ஐந்து நிமிடம் திறந்துவிட்டபின் எடுத்த நீரின் மொத்தக் கடினத்தன்மை, கொடுக்கிணைப்புத் தரம்பார்த்தலால் அளவிடப்பட்டது. 50 மி.லி. மாதிரிகள் அம்மோனியா தாங்கல் கரைசலில் பிஎச் 10இல், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியுடன், கால்சியம் கார்பனேட்டால் தரப்படுத்திய ஈடிடிஏ கரைசலைக் கொண்டு மூன்று முறை ஆராயப்பட்டன; வெற்றுச் சோதனை அளவு கழிக்கப்பட்டது. கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டாக லிட்டருக்கு 239 ± 4 மி.கி. இது ஐஎஸ் 10500இன் ஏற்கத்தக்க வரம்பான 200ஐ மிஞ்சியும், அனுமதிக்கத்தக்க 600க்குள் அடங்கியும் உள்ளது. முடிவு ஒரு குழாயில் ஒரு நாள் எடுத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். கால்சியமும் மக்னீசியமும் தனியே பிரிக்கப்படவில்லை.”

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தைத் தன்னடக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் பேரூராட்சிக் குழாய்நீரும் சொந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் கலப்பது பல வீடுகளில் வழக்கம். எது எந்த விகிதத்தில் கலந்தது என்பது மோட்டார் போட்ட நேரத்தைப் பொறுத்தது. காவிரியில் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் மணல் மட்டுமே தெரியும் மாதங்களிலும் நிலத்தடி நீர் ஒரே தன்மையில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆற்றுநீர் பொதுவாக ஆழ்துளை நீரைவிட மென்மையானது. மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு மாதிரிகளை ஒப்பிட விரும்புபவருக்கு, தேதி இல்லாத சுருக்கம் எந்த உதவியும் செய்யாது. அந்த வகையில் மேலே தந்த மாதிரியும் குறையுடையதுதான். உண்மையான அறிக்கையில் நாளும் நீராதாரமும் சேர வேண்டும்.

இன்னும் முடியாதவை

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. முதலாவது, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஒரே எண்ணாக்கி, அதுவும் கால்சியம் கார்பனேட் என்ற வேடத்தில் சொல்லும் மரபு தொடர வேண்டுமா என்பது. குழாய் அடைப்புக்கும் சோப்புச் செலவுக்கும் இந்தக் கூட்டுத்தொகை போதும். உடல்நலம் என்று வரும்போது நிலைமை வேறு. கடின நீருக்கும் இதயநோய்க்கும் எதிர்மறைத் தொடர்பு உண்டா என்ற விவாதம் 1950களிலிருந்து நடக்கிறது. மக்னீசியத்தின் பங்கு அதில் தனியே பேசப்படுகிறது. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பற்றிய ஆய்வுகளில், கடின நீரும் ஃபுளோரைடும் சேர்ந்து செயல்படக்கூடுமோ என்ற கருதுகோள் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அது இன்னும் நிறுவப்படவில்லை. இத்தகைய ஆய்வுகளுக்கு மொத்தக் கடினத்தன்மை என்ற எண் போதாது. எந்த அயனி எவ்வளவு என்பதே தேவை.

இரண்டாவது, கண்ணின் தீர்ப்பு. ஊதாவையும் நீலத்தையும் எல்லோரும் ஒரே சொட்டில் பிரித்தறிவதில்லை. குழல்விளக்கிலும் பகல் வெளிச்சத்திலும் நிறம் ஒன்றுபோலத் தெரிவதுமில்லை. ஒளி உறிஞ்சலை அளந்து முடிவைக் குறிக்கும் வழி இருந்தாலும் கற்பிக்கும் ஆய்வகங்களில் அது பரவவில்லை. முடிவடைந்த ஒரு குடுவையை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது இப்போதைக்குச் செலவில்லாத தீர்வு. மூன்றாவது, தற்காலிகம், நிரந்தரம் என்ற பிரிவினை பாடத்திட்டத்தில் எவ்வளவு காலம் கொதிக்கவைத்தே கற்பிக்கப்படும் என்பது. காரத்தன்மை டைட்ரேஷன் அதே பியூரெட்டில் அரை மணி நேரத்தில் முடியக்கூடியது.

இப்போதைய மதிப்பீடு இதுதான். தனியொரு குழாயின் நீரைக் குறைந்த செலவில், ஒன்றிரண்டு விழுக்காட்டுப் பிழைக்குள் அறிய ஈடிடிஏ டைட்ரேஷனை மிஞ்சும் முறை கல்லூரி ஆய்வகத்தில் இல்லை. தரப்படுத்தலும் வெற்றுச் சோதனையும் செய்திருந்தால் மட்டும். சுருக்கம் எழுதுபவர்கள் அந்த இரண்டையும் செய்தார்களா இல்லையா என்பதை, எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.